நாடி சுத்தி: இரு நாசிகளில் மூச்சை அளந்து விடும் பயிற்சி

பிராணாயாமம் கற்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, "மூச்சை எவ்வளவு நேரம் அடக்க வேண்டும்?" என்பதுதான். இந்த அத்தியாயத்தில் மூச்சை அடக்கப் போவதில்லை. அதற்கு முன்னால் வர வேண்டிய நாடி சுத்தியை மட்டும் கற்கப் போகிறோம். ஒரு நாசியால் மெல்ல இழுத்து, மறு நாசியால் அதைவிட மெல்ல விட வேண்டும். செய்முறை இவ்வளவுதான். ஆனால் இதைச் சரியாகச் செய்யப் பழக இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அடக்குவதை ஏன் தள்ளி வைக்கிறோம் என்பதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

மூன்று சொற்கள் மட்டும் தெரிந்தால் போதும். உள்ளே இழுப்பது பூரகம், வெளியே விடுவது ரேசகம், உள்ளே நிறுத்துவது கும்பகம். இப்போது நமக்குப் பூரகமும் ரேசகமும்தான். இரண்டிலும் அதிகக் கவனம் கேட்பது ரேசகம்.

## தொடங்கும் முன் யார் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

மூச்சை அடக்காமல் செய்யும் நாடி சுத்தி, ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பாதுகாப்பான பயிற்சி. இருந்தாலும் கீழே உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

- இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், வலிப்பு நோய் உள்ளவர்கள்
- கண்ணில் அழுத்த நோய் உள்ளவர்கள்
- சமீபத்தில் வயிறு, நெஞ்சு, மூக்கு ஆகியவற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்
- கர்ப்பிணிகள். இவர்கள் கும்பகத்தை எந்த நிலையிலும் சேர்க்கக் கூடாது
- திடீர்ப் பதற்றத்தால் மூச்சு முட்டும் தொல்லை உள்ளவர்கள். மூச்சைக் கவனிப்பதே சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டிவிடும்

ஆஸ்துமா உள்ளவர்கள் இழுப்பு இல்லாத நாட்களில் மட்டும் செய்யலாம். இன்ஹேலரைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவரானாலும் இந்தப் பயிற்சியை நம்பி அதை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது.

## முதல் வாரம்: அளந்து பார்த்தல்

முதல் வாரம் மூச்சை மாற்ற வேண்டாம். இப்போது அது எப்படி ஓடுகிறது என்று மட்டும் பாருங்கள். அதற்கு இரண்டு அளவுகள் உண்டு.

1. எண்ணிக்கை. காலையில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு ஓடுகிறது என்று எண்ணுங்கள். இழுத்து விட்டால் ஒன்று. எண்ணுகிறோம் என்ற நினைப்பே மூச்சை மாற்றிவிடும் என்பதால் மூன்று நாட்கள் எண்ணி, நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. ஒரு நாளுக்கு 21,600 மூச்சு என்பது நம் யோக மரபின் பழைய கணக்கு. வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்குச் சரியாக 15 வருகிறது. இன்றைய மருத்துவம் சொல்லும் எல்லைக்கு ஏறக்குறைய நடுவில் அது நிற்கிறது.

2. தூரம். விடும் மூச்சு மூக்கிலிருந்து எவ்வளவு தூரம் போகிறது என்பது இரண்டாவது அளவு. சாதாரணமாக அது 12 விரற்கடை தூரம் போகும், பாடும்போதும் சாப்பிடும்போதும் நடக்கும்போதும் இன்னும் நீளும் என்று கேரண்ட சம்ஹிதை என்ற ஹட யோக நூல் அளந்து வைத்திருக்கிறது. சோதிப்பது எளிது. உள்ளங்கையை மூக்குக்குக் கீழே வைத்து, மெல்லக் கீழே இறக்குங்கள். காற்று படுவது எங்கே நின்றுபோகிறதோ, அதுவரை மறு கையின் விரல்களைப் பக்கவாட்டில் அடுக்கி அளந்துகொள்ளுங்கள். வாரங்கள் போகப் போக இந்தத் தூரம் குறைய வேண்டும். உங்கள் மூச்சு மென்மையாகிவிட்டதா என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் சொல்லும் சோதனை இது.

> குறிப்பு: இரண்டு எண்களையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மாதத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும். தினமும் அளந்தால் அளப்பதே பயிற்சியாகிவிடும்.

## இடம், நேரம், உட்காரும் விதம்

விடிகாலை நல்லது. முடியாதவர்கள் மாலையில், சாப்பாட்டுக்கு முன் செய்யலாம். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம் போக வேண்டும். வயிறு நிறைந்திருந்தால் உதரவிதானம் கீழே இறங்க இடமிருக்காது. மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வேண்டாம். சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, கொசுவர்த்தி எரியும் அறையும் வேண்டாம்.

சம்மணம் போட்டு உட்கார முடிந்தவர்கள் மடித்த போர்வையைப் பின்பக்கத்துக்கு அடியில் வைத்து, இடுப்பை முழங்காலைவிடச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம். பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும், முதுகு சாயக் கூடாது. பத்மாசனம் கட்டாயமில்லை. வலிக்கும் காலோடு மூச்சைக் கவனிக்க முடியாது.

வலக்கையை இப்படி அமையுங்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்குங்கள். கட்டைவிரல் வலது நாசியை மூட, மோதிர விரலும் சுண்டுவிரலும் சேர்ந்து இடது நாசியை மூடும். விரல் பட வேண்டிய இடம், மூக்கெலும்பு முடிந்து மெத்தென்ற சதை தொடங்கும் இடம். காற்று நிற்கும் அளவுக்குத் தொட்டால் போதும். மூக்கின் நடுத்தண்டு ஒரு பக்கம் வளையும்படி அழுத்தினால், திறந்திருக்கும் நாசியும் பாதி அடைபட்டுவிடும்.

## மூக்கடைப்பு இருந்தால்

இரு நாசியும் எப்போதும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. நாசியின் உட்சுவரில் உள்ள திசு ரத்தம் நிறைந்து வீங்குவதும் வடிவதுமாக, பலருக்குச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாறிக்கொண்டே இருக்கிறது. நம் மரபில் சரம் பார்ப்பது என்று சொல்வது இந்த மாற்றத்தைத்தான். ஒரு பக்கம் சற்று இறுக்கமாக இருப்பது நோயல்ல, பயிற்சிக்குத் தடையுமல்ல.

இடது நாசி அதிகமாக அடைத்திருந்தால் வலப்பக்கம் ஒருக்களித்து ஐந்து பத்து நிமிடம் படுத்திருங்கள். மேலே இருக்கும் நாசி பெரும்பாலும் திறந்துவிடும். பழைய யோகிகள் கையில் வைத்திருந்த யோக தண்டத்தின் வேலையும் இதுதான். ஒரு பக்க அக்குளில் அதைக் கொடுத்துச் சாய்ந்தால் எதிர்ப்பக்க நாசி திறக்கும்.

சளி பிடித்து முழுதாக அடைத்திருக்கும் நாளில் விரல் வைக்காதீர்கள். இரு நாசிகளாலும் சேர்த்து இழுத்து விடுங்கள். வாரக்கணக்கில் ஒரே நாசி மட்டும் அடைத்தே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

## செய்முறை

இரண்டாவது வாரத்திலிருந்து தொடங்குங்கள். முதல் சில நாட்கள் எண்ண வேண்டாம். வரிசை கைக்குப் பழகட்டும்.

1. இரு நாசிகளாலும் மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள். பயிற்சி எப்போதும் வெளியே விடுவதில்தான் தொடங்க வேண்டும்.
2. கட்டைவிரலால் வலது நாசியை மூடி, இடது நாசியால் மெல்ல இழுங்கள். முதலில் வயிறு லேசாக முன்னே வரட்டும், பிறகு விலா விரியட்டும். தோள் அசையக் கூடாது.
3. இழுத்து முடிந்ததும் இடது நாசியை மூடி, கட்டைவிரலை எடுங்கள். இந்த மாற்றத்துக்கு ஒரு கணம் போதும். வேண்டுமென்றே அங்கே நிறுத்தாதீர்கள்.
4. வலது நாசியால் விடுங்கள். தொடக்கத்தில் வேகமாக ஓடப் பார்க்கும் காற்றைப் பிடித்துப் பிடித்து, கடைசி வரை ஒரே அளவில் போகும்படி விடுங்கள்.
5. அதே வலது நாசியால் இழுங்கள்.
6. வலது நாசியை மூடி, இடது நாசியால் விடுங்கள்.

இது ஒரு சுற்று. அதில் இரண்டு முழு மூச்சுகள் அடங்கும். இடதில் தொடங்கி இடதிலேயே முடிகிறது. தொடக்கத்தில் ஐந்து சுற்று போதும். முடித்ததும் கையை இறக்கி, இரண்டு நிமிடம் மூச்சை அதன் போக்கில் விட்டு உட்கார்ந்திருங்கள். உடனே எழுந்து ஓடுபவர்களுக்குப் பயிற்சியின் பாதிதான் கிடைக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தில்தான் மூச்சு எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது தெரியும்.

> குறிப்பு: கை வலித்தால் இடது உள்ளங்கையை வலது முழங்கைக்குக் கீழே தாங்கலாகக் கொடுங்கள். முழங்கையை மார்போடு ஒட்டி வைத்தால் அந்தப் பக்க விலா விரியாது.

## எண்ணிக்கையை எப்படித் தீர்மானிப்பது?

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் தருகிற அளவு பலருக்குத் தெரியும்: இடது நாசியால் 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விடுவது. கேரண்ட சம்ஹிதையும் இதே அளவைச் சொல்கிறது. ஆனால் அங்கே இது மூன்று படிகளில் நடுப்படி. அதற்குக் கீழே 12, 48, 24 என்றும், மேலே 20, 80, 40 என்றும் இருக்கிறது.

இதைப் படித்தவுடன் கடிகாரத்தை எதிரில் வைத்து 16 நொடி இழுக்கத் தொடங்குபவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 16, 64, 32 மூன்றும் சேர்ந்து 112. ஒரு மாத்திரையை ஒரு நொடி என்று வைத்தால் ஒரே ஒரு மூச்சுக்கு 1 நிமிடம் 52 நொடி ஆகிறது. தொல்காப்பியம் மாத்திரைக்குச் சொல்லும் அளவோ கண்ணிமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம். அதை அரை நொடி என்று கொண்டால் அதே மூச்சு 56 நொடிக்குள் முடிகிறது. அதுவும் தொடங்குபவருக்கான அளவல்ல, தேர்ந்தவருக்கானது.

திருமூலரின் கணக்கில் நாம் இப்போது எடுத்துக்கொள்ள வேண்டியது விகிதத்தை மட்டும்தான். இழுப்பது ஒரு பங்கு என்றால் விடுவது இரண்டு பங்கு. அதையும் ஒரே நாளில் எட்ட வேண்டியதில்லை. கீழே உள்ள படிகளில் ஏறுங்கள். எண்கள் நொடிகளைக் குறிக்கின்றன.

1. 3 இழுத்து 3 விடுதல்
2. 3 இழுத்து 4 விடுதல்
3. 4 இழுத்து 5 விடுதல்
4. 4 இழுத்து 6 விடுதல்
5. 4 இழுத்து 8 விடுதல்

ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு வாரம் இருங்கள். நான்காவது படியில் நீண்ட நாள் தங்கலாம். பலருக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. ஒரு மூச்சுக்கு 10 நொடி, நிமிடத்துக்கு 6 மூச்சு, ஒரு சுற்றுக்கு 20 நொடி. ஐந்து நிமிடத்தில் 15 சுற்று முடிந்துவிடும்.

எண்ணுவதற்குக் கடிகாரம் வேண்டாம், மனத்துக்குள் ஒரே வேகத்தில் எண்ணுங்கள். நாடித்துடிப்பை வைத்து எண்ணும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது சரியான அளவுகோல் அல்ல. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். அதனால் 6 துடிப்பு இழுத்து 6 துடிப்பு விட்டால், உண்மையில் விடுவதற்கே அதிக நேரம் எடுத்திருப்பீர்கள்.

### அடுத்த படிக்குப் போகலாமா?

இதற்கு ஒரே சோதனைதான். விட்டு முடித்த பிறகு வரும் அடுத்த இழுப்பைக் கவனியுங்கள். அது முன்னதைப் போலவே மெல்லத் தொடங்கினால் அளவு சரி. காற்றுக்குத் தவித்து, தொடக்கத்திலேயே சரேலென்று இழுத்தால் உங்கள் அளவு அதிகம். எண்ணிக்கை சரியாக வந்துவிட்டதே என்று சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். உடனே ஒரு படி இறங்குங்கள். கடைசிச் சுற்றிலும் முதல் சுற்றைப் போலவே இழுக்க முடிகிறது என்ற நிலை தொடர்ந்து ஒரு வாரம் இருந்தால் மேலே போகலாம்.

## ஓர் உதாரணம்

46 வயதான ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாள் முழுவதும் உட்கார்ந்து கணக்கு எழுதும் வேலை, ரத்த அழுத்தத்துக்குத் தினமும் ஒரு மாத்திரை, இரவில் படுத்தால் வெகு நேரம் தூக்கம் வருவதில்லை. மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குகிறார். மூச்சை அடக்க வேண்டாம் என்று மருத்துவரும் சொல்கிறார்.

முதல் வாரம் அளந்து பார்த்ததில் மூன்று நாட்களும் 17, 18, 18 என்று வருகிறது. எனவே 18. உள்ளங்கையில் காற்று 14 விரற்கடை வரை படுகிறது. அவருடைய இயல்பான மூச்சு ஒன்றுக்கு மூன்று நொடிக்குச் சற்று மேல். நேராக 4-க்கு 8 என்று போனால் அது ஏறக்குறைய நான்கு மடங்கு நீளமான மூச்சு. 3-க்கு 3 என்றாலே 6 நொடி, அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. அங்கிருந்துதான் தொடங்குகிறார்.

இரண்டாம், மூன்றாம் வாரங்கள் தொல்லையில்லை. நான்காம் வாரம் 4-க்கு 5. ஐந்தாம் வாரம் 4-க்கு 6 சுலபமாக வந்ததால், மூன்றே நாளில் 4-க்கு 8 என்று ஏற்றிவிடுகிறார். முதல் நான்கு சுற்று நன்றாகப் போகிறது. ஐந்தாவது சுற்றில் விடும் மூச்சின் கடைசி இரண்டு எண்ணுக்கு வயிற்றை இறுக்கிக் காற்றைப் பிதுக்க வேண்டியிருக்கிறது. அடுத்து இழுக்கும்போது தோள் தூக்குகிறது. எட்டாவது சுற்றில் முடிவதற்கு முன்பே நாசியை மாற்றிவிடுகிறார். முடித்த பிறகு இரண்டு மூன்று பெருமூச்சுகள் வருகின்றன, கழுத்து இறுகியிருக்கிறது. அன்று இரவு தூக்கம் இன்னும் தள்ளிப்போகிறது.

இதில் ஒவ்வொன்றும் ஓர் அடையாளம். வயிற்றை இறுக்கிப் பிதுக்குவது முதல் எச்சரிக்கை. தோள் தூக்குவது இரண்டாவது. பயிற்சிக்குப் பின் வரும் பெருமூச்சு உடல் காற்றுக் கடன்பட்டுவிட்டது என்பதற்கான சாட்சி. அவர் செய்ய வேண்டியது, மறுநாளே 4-க்கு 5-க்கு இறங்கி மூன்று நாள் இருந்துவிட்டு, 4-க்கு 6-இல் நான்கு வாரம் தங்குவது. அதன் பிறகு 4-க்கு 7 என்ற இடைப்படி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, மூன்றாவது மாதத்தின் முடிவில் 4-க்கு 8-க்கு வரலாம். வராவிட்டாலும் இழப்பில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்பதால் அவருடைய பயிற்சி அங்கேயே நிற்கும். கும்பகம் அவருக்கு வேண்டாம்.

## அடிக்கடி நேரும் தவறுகள்

நுரையீரல் நிரம்பும் வரை இழுப்பது. இதுதான் மிகப் பரவலான தவறு. "ஆழமாக மூச்சு விடுங்கள்" என்று கேட்டுக் கேட்டுப் பழகியதால் வருவது. சும்மா இருக்கும்போது ஒரு மூச்சில் சுமார் அரை லிட்டர் காற்று போகிறது. நிமிடத்துக்கு 6 மூச்சு என்று குறைத்தால் ஒரு மூச்சுக்குச் சுமார் ஒரு லிட்டர் போதும். நுரையீரல் கொள்ளும் அளவோ அதைப் போலப் பல மடங்கு. ஆகவே முட்ட முட்ட நிரப்ப வேண்டிய தேவையே இல்லை. அப்படி நிரப்பினால் ரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை லேசாகிச் சுற்றும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். இதைப் பிராணசக்தி ஏறுவதாக எண்ணி மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நிறுத்த வேண்டிய அறிகுறி. பாதி அளவு இழுங்கள், மெல்ல இழுங்கள்.

ஓசை எழும்படி இழுப்பது. நாடி சுத்தியில் பக்கத்தில் இருப்பவருக்குக் காதில் விழக் கூடாது. ஓசை கேட்டால் வேகம் அதிகம் என்று பொருள்.

முகத்தை இறுக்குவது. நெற்றி சுருங்குகிறதா, பற்கள் கடிபடுகின்றனவா, நாக்கு மேலண்ணத்தில் அழுந்துகிறதா என்று இடையிடையே பாருங்கள். முகம் இறுகினால் எண்ணிக்கை உங்கள் சக்திக்கு மேல் போகிறது.

கபாலபாதியையும் பஸ்திரிகாவையும் உடன் சேர்ப்பது. தொலைக்காட்சியில் பார்த்து எல்லாவற்றையும் ஒரே காலையில் செய்பவர்கள் நிறைய. வேகமாக விடும் பயிற்சியும் மெல்ல விடும் பயிற்சியும் உடலுக்குச் சொல்வது வேறு வேறு செய்தி. முதல் மூன்று மாதம் நாடி சுத்தி மட்டும் இருக்கட்டும்.

### உடனே நிறுத்த வேண்டியவை

தலைசுற்றல், நெஞ்சு வலி, படபடப்பு, கண் இருட்டுதல், காதில் அழுத்தம், விரல் மரத்துப்போதல். இவற்றில் எது வந்தாலும் கையை இறக்கி, இயல்பாக மூச்சு விட்டு உட்காருங்கள். சில நிமிடத்தில் போய்விட்டால் மறுநாள் ஒரு படி இறங்கித் தொடங்கலாம். நெஞ்சு வலியாக இருந்தால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

## உடலிலும் மனத்திலும் என்ன நடக்கிறது?

மரபு சொல்வதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். உடலில் 72,000 நாடிகள் உண்டு. இடது நாசியோடு சேர்ந்தது இடகலை, சந்திரனின் குளிர்ச்சி உடையது. வலது நாசியோடு சேர்ந்தது பிங்கலை, சூரியனின் வெப்பம் உடையது. இரண்டும் சமமானால் நடுவிலுள்ள சுழுமுனையில் பிராணன் நுழையும். நாடிகளில் அழுக்கு இருக்கும் வரை அது நடக்காது என்பதால்தான் நாடி சுத்தி முதலில் வருகிறது. சுத்தியானதற்கு அடையாளமாக ஹடயோகப் பிரதீபிகை சொல்பவை உடல் மெலிவு, ஒளி, நல்ல பசி, மூச்சை வருந்தாமல் நிறுத்தும் திறன் ஆகியவை. மூச்சு அசைந்தால் மனம் அசையும், மூச்சு நின்றால் மனம் நிற்கும் என்பது அதன் அடிப்படை. பதஞ்சலியின் யோகசூத்திரம் பிராணாயாமத்தின் உடற்பயனைப் பேசவே இல்லை. உள்ளொளியை மூடியிருக்கும் திரை தேய்ந்து, மனம் ஒன்றில் நிலைக்கத் தகுதி பெறும் என்று மட்டும் சொல்கிறது.

உடலியல் எதைச் சொல்கிறது? முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். மெல்ல மூச்சு விட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் பெருகும் என்பார்கள். ஆரோக்கியமானவரின் ரத்தம் ஏற்கெனவே நூற்றுக்கு 95-க்கு மேல் ஆக்சிஜனால் நிறைந்துதான் இருக்கிறது. கூட்டுவதற்கு அங்கே இடமில்லை. மாறுவது வேறு. விடும் நேரத்தில் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத்துடிப்பு தணிகிறது. விடும் நேரத்தை நீட்டினால் அந்தத் தணிவும் நீள்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற வேகத்தில் இன்னொன்றும் சேர்கிறது. ரத்த அழுத்தம் ஏறி இறங்குவதைக் கண்டு இதயத்தைத் திருத்தும் அனிச்சைச் செயலுக்கும் இயல்பாகவே சுமார் பத்து நொடித் தாளம் உண்டு. மூச்சு அந்தத் தாளத்தோடு இணைகிறது, அந்தத் திருத்தம் கூர்மையாகிறது. 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு, லத்தீன் ஜெபமாலையைச் சொல்பவர்களுக்கும் "ஓம் மணி பத்மே ஹூம்" என்ற மந்திரத்தைச் சொல்பவர்களுக்கும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறுக்கு வந்துவிடுவதைக் கண்டது. நான்காவது படியில் தங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த மெதுவான மூச்சின் பலன் உறுதியானது. இடது நாசி குளிர்ச்சி, வலது நாசி வெப்பம் என்பதற்கு இதே அளவு உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நாசி மாற்றுவது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு துளை வழியே காற்று போவதால் மூச்சு தானாகவே மெதுவாகிறது. எந்த விரலை எப்போது எடுப்பது என்ற கவனமும் மனம் வேறெங்கும் போகாமல் பிடித்து வைக்கிறது.

நீங்கள் எதிர்பார்க்கக் கூடியது இவ்வளவு: பயிற்சி முடிந்த உடனே சற்று நேரம் படபடப்பு அடங்கும். சில வாரங்களில் தூங்கப் போகும் முன் மனம் ஓடும் வேகம் குறையலாம். ரத்த அழுத்தம் சிலருக்குச் சிறிதளவு இறங்கலாம், அதுவும் மருந்துக்குத் துணையாக மட்டும்.

## கும்பகத்தை எப்போது சேர்ப்பது?

மூச்சை அடக்கும்போது "இழு இழு" என்று உள்ளிருந்து வரும் தவிப்பு ஆக்சிஜன் குறைவதால் வருவதல்ல, கரியமில வாயு ஏறுவதால் வருவது. பயிற்சியில்லாதவர் அந்தத் தவிப்பை எதிர்த்து அடக்கும்போது நெஞ்சும் தொண்டையும் இறுகி ரத்த அழுத்தம் ஏறுகிறது. அடுத்த ரேசகம் பீறிட்டுப் போகிறது. அமைதிக்காகத் தொடங்கிய பயிற்சி நேர் எதிராக முடிகிறது. சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவது போல மூச்சையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும், அவசரப்பட்டால் அது பழகுபவரையே கொல்லும் என்று ஹடயோகப் பிரதீபிகை எச்சரிப்பதும் இதனால்தான். முறை தவறினால் விக்கல், இரைப்பு, இருமல், தலைவலி, காது வலி, கண் வலி வரும் என்றும் அது சொல்கிறது. முன்னே நான் தந்த அறிகுறிப் பட்டியலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், சில ஒத்துப்போகும்.

ஆகவே நிபந்தனைகள் இவை:

1. 4-க்கு 8 என்ற படியில் பத்து நிமிடம், கடைசி மூச்சு வரை தவிப்பில்லாமல், ஒரு மாதம் தொடர்ந்து வந்திருக்க வேண்டும்.
2. ரத்த அழுத்தம், இதயம், கண் அழுத்தம், வலிப்பு ஆகிய எந்தத் தொல்லையும் இருக்கக் கூடாது. கர்ப்பமாக இருக்கக் கூடாது.
3. நேரில் பார்த்துத் திருத்தும் ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்துக் கும்பகம் பழக வேண்டாம். இந்தப் புத்தகத்தைப் பார்த்தும்தான்.

மூன்றும் பொருந்தினால் முதல் கும்பகம் 2 நொடி மட்டும்: 4 இழுத்து, 2 நிறுத்தி, 8 விடுதல். அதிலும் அளவுகோல் அதே ரேசகம்தான். நிறுத்திய பிறகு விடும் மூச்சு பழைய மென்மையோடு எட்டு எண்ணும் வரை வரவில்லை என்றால், அந்த 2 நொடியை எடுத்துவிட்டு இன்னொரு மாதம் 4-க்கு 8-லேயே இருங்கள்.